குரூப் 2-க்குப் படித்த மூன்றரை வருஷத்தை நேர்காணலில் எப்படிச் சொல்வது

"2021-ல டிகிரி முடிச்சிருக்கீங்க. இப்போ 2024 முடியப் போகுது. நடுவுல என்ன பண்ணீங்க?"

என் சித்தப்பா மகள் தன் முதல் நேர்காணலில் இதற்குச் சொன்ன பதில் ஒரே வரிதான். "டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சிட்டு இருந்தேன் சார்." கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவளுக்கு நிம்மதி. பெரிய கண்டம் தப்பியது என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தாள். வேலை வரவில்லை. இரண்டாவது நேர்காணலும் அப்படியே முடிந்தது. அதன்பிறகுதான் என்னிடம் வந்தாள்.

நான் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற இடத்தில் உட்காருவது உண்டு. அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 'சரி, இந்தப் பொண்ணு மூணு வருஷமா வீட்டுல இருந்திருக்கு, அடுத்த நோட்டிபிகேஷன் வந்தா போயிடும்' என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நகர்ந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பதிலைத் தேடுவதையே அவர் விட்டுவிட்டார் என்பதுதான் அநேகமாக நிஜம்.

அவளுக்கு நான் சொன்னதையும், நாங்கள் சேர்ந்து செய்ததையும் அதே வரிசையில் எழுதுகிறேன். அவள் பி.காம்., தேடியது கணக்கு வேலை. உங்கள் படிப்பு வேறாக இருந்தாலும் செய்யும் முறை இதுதான்.

முதலில், தேதிகள்

'மூன்றரை வருஷம் படித்தேன்' என்று சொன்னால் கேட்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே வெற்றிடம். ஆனால் அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் யாரும் படிக்கவில்லை, காத்திருந்தார்கள். தனியார் நிறுவனத்திலேயே வேலை பார்த்து வளர்ந்தவருக்கு இது தெரியாது. தேர்வு என்றால் மார்ச்சில் எழுதி மே மாதம் ரிசல்ட் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதனால் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் மாதம், இரண்டாவதில் தேர்வாணையம் செய்தது, மூன்றாவதில் நீங்கள் செய்தது.

அவள் தாளில் இரண்டாவது பத்தி இப்படி வந்தது. கொரோனாவால் 2020, 2021 இரண்டிலும் குரூப் 2, குரூப் 4 அறிவிக்கை இல்லை. அவள் டிகிரி முடித்தது அந்த வறட்சியின் நடுவில். 2022 பிப்ரவரியில் குரூப் 2 அறிவிக்கை, மே 21 முதல்நிலைத் தேர்வு. ஜூலை 24 குரூப் 4 தேர்வு. நவம்பரில் குரூப் 2 முதல்நிலை முடிவு. அதில் அவள் தேறினாள். 2023 பிப்ரவரி 25 முதன்மைத் தேர்வு. அந்த வருஷம் மார்ச்சில் குரூப் 4 முடிவு வந்தது, ரேங்க் எட்டவில்லை. முதன்மைத் தேர்வு முடிவு வந்தது 2024 ஜனவரியில். அதிலும் இல்லை. கடைசியாக 2024 ஜூன் 9 அன்று இன்னொரு குரூப் 4 எழுதினாள், அக்டோபரில் முடிவு வந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்தத் தாளைப் பார்த்ததும் முதலில் ஆச்சரியப்பட்டவள் அவள்தான். முதன்மைத் தேர்வு எழுதிய நாளுக்கும் முடிவு வந்த மாதத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட 11 மாதம். 'மூன்றரை வருஷமா முயற்சி பண்ணியும் கிடைக்கலை' என்று அவள் தன்னையே குறைத்துப் பேசிக்கொண்டிருந்தாளே, அதில் அவள் எழுதியது ஒரு குரூப் 2 சுற்று, இரண்டு குரூப் 4. மூன்றே வாய்ப்பு.

தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஹால் டிக்கெட், அறிவிக்கை இரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்து எழுதுங்கள். நேர்காணலில் ஒரு மாதம் முன்பின் சொன்னால் யாருக்கும் தெரியாது, உண்மைதான். ஆனால் ரெஸ்யூமேயில் ஒன்று, வாயில் ஒன்று, பின்னால் நிறுவனத்தின் படிவத்தில் இன்னொன்று என்று வந்தால் சந்தேகம் கிளம்பும்.

மூன்றாவது பத்திதான் கஷ்டம்

"அந்தப் பதினோரு மாசம் என்ன செஞ்சே?" என்று கேட்டேன்.

"சும்மாதான் இருந்தேன் அண்ணா."

"சும்மான்னா?"

"பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு அக்கவுண்டன்சி சொல்லிக் குடுத்தேன். அதெல்லாம் கணக்கா?"

"எத்தனை பேர்?"

"முதல்ல ரெண்டு பேர். அப்புறம் ஒம்போது."

உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தாள். பிளஸ் டூ பிள்ளைகளின் பெயர், மாதம், கட்டிய பணம், பாக்கி. பாக்கி வைத்தவர்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி. ஒன்பது பேரிடம் மாதாமாதம் பணம் வாங்கி, கணக்கு வைத்து, பாக்கி வசூலித்திருக்கிறாள். கணக்கு வேலைக்குப் போகிற பெண் இதைச் சொல்லாமல் இரண்டு நேர்காணலை முடித்துவிட்டு வந்திருக்கிறாள்!

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மறைக்கிறார்கள். படிப்பு மட்டும்தான் கணக்கு, மற்றதெல்லாம் கவனச் சிதறல் என்று வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, செய்த உருப்படியான வேலைகளையே குற்றம்போல ஒளித்து வைக்கிறார்கள். அப்பா கடையில் பில் போட்டது, பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வுத் தாள் திருத்தியது, டெலிகிராம் குழுவுக்கு நடப்பு நிகழ்வுத் தொகுப்பு போட்டது எல்லாவற்றையும் மூன்றாவது பத்தியில் எழுதுங்கள். நான் முதல்வன் திட்டத்தின் ஊக்கத்தொகைக்கு நுழைவுத் தேர்வு எழுதித் தேர்வாகியிருந்தால் அதையும் எழுதுங்கள். அது அரசு உங்களை வடிகட்டி எடுத்ததற்கான சான்று.

ஒன்றுமே செய்யாத மாதங்களும் இருக்கும். அவற்றுக்குக் கதை கட்ட வேண்டாம். 'காத்திருந்தேன்' என்று எழுதினால் போதும்.

ரெஸ்யூமேயில் இரண்டு வரி

பலர் வருஷத்தை எடுத்துவிட்டு 'பி.காம்., முதல் வகுப்பு' என்று மட்டும் போடுகிறார்கள். வேண்டாம். வருஷம் இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்தால் நான் முதலில் தேடுவதே வருஷத்தைத்தான். எந்த மொழியில் எழுதினாலும் அமைப்பு இப்படி இருக்கட்டும்:

*2021 ஆகஸ்ட் – 2024 ஜூன்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகள். குரூப் 2 (2022) முதல்நிலையில் தேர்ச்சி, முதன்மைத் தேர்வு எழுதியது.*

*2023 மார்ச் – 2024 ஏப்ரல்: மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் தனிவகுப்பு, 9 மாணவர்கள்.*

அவ்வளவுதான். 'போட்டித் தேர்வுகளுக்குத் தீவிரமாகத் தயாரானேன்' என்பது ஒரு தகவலும் தராத வரி. எந்தத் தேர்வு, எந்தக் கட்டம் வரை என்பது தகவல். முதல்நிலையே தேறவில்லை என்றால் தேர்வின் பெயரையும் ஆண்டையும் மட்டும் போடுங்கள், கட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம். கேட்டால் உள்ளதைச் சொல்லலாம்.

யுபிஎஸ்சி எழுதி நேர்முகத் தேர்வு வரை போனவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. இறுதிப் பட்டியலில் வராதவர்களின் விவரத்தை, அவர்கள் சம்மதித்தால், வேலை தரும் நிறுவனங்களுக்குக் காட்ட ஆணையமே 'பிரதிபா சேது' என்ற தளத்தை நடத்துகிறது. அந்த நிலை வரை போனவர்கள் அதை ரெஸ்யூமேயின் தலையிலேயே போடலாம். வங்கித் தேர்வு எழுதியவர்களுக்குக் காத்திருப்புக் கதை பெரிதாக எடுபடாது, அங்கே முதல்நிலையும் முதன்மையும் சில மாதங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அவர்கள் எத்தனை முறை முதன்மை வரை போனார்கள் என்று சொல்வது நல்லது.

வாயால் சொல்லும் பதில்

ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிஷம். அதில் நான்கு விஷயம் வர வேண்டும்: ஏன் தொடங்கினேன், எதுவரை போனேன், நடுவில் என்ன செய்தேன், எப்போது ஏன் நிறுத்தினேன். முதல் மூன்றையும் தாளிலிருந்து எடுத்துவிடலாம். நான்காவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் பலமுறை திருத்திய பிறகு அவள் சொன்னது ஏறக்குறைய இது:

"டிகிரி முடிச்சதும் குரூப் 2 எழுதணும்னு முடிவு பண்ணேன் சார். கொரோனாவால அந்த வருஷம் நோட்டிபிகேஷன் வரலை, 2022-லதான் வந்துச்சு. பிரிலிம்ஸ் பாஸ் பண்ணி, 2023 பிப்ரவரியில மெயின்ஸ் எழுதினேன். ரிசல்ட் வர கிட்டத்தட்ட 11 மாசம் ஆச்சு. அந்த நேரத்துல பிளஸ் டூ பசங்களுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்தேன், ஒம்போது பேர் வந்தாங்க. மெயின்ஸ்ல வரலை. ஏற்கெனவே அப்ளை பண்ணியிருந்த குரூப் 4 மட்டும் 2024 ஜூன்ல எழுதிட்டு நிறுத்திட்டேன். அடுத்த குரூப் 2 சுற்று முழுசா முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகலாம், அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்னு முடிவு பண்ணேன். ஜூலையிலேருந்து டேலி கத்துக்கிட்டு, மூணு மாசமா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பயிற்சிக்குப் போறேன்."

இதில் இல்லாதவற்றையும் பாருங்கள். எத்தனை மதிப்பெண்ணில் போனது என்பது இல்லை. கேள்வித்தாள் கஷ்டம், கட் ஆஃப் அநியாயம், தேர்வாணையம் தாமதம் என்ற புலம்பல் இல்லை. '11 மாசம் ஆச்சு' என்பது தகவலாக மட்டும் வருகிறது, குற்றச்சாட்டாக வரவில்லை. முதல் ஒத்திகையில் அவள் அந்த இடத்தில் குரலை உயர்த்தினாள். கேட்கிற எனக்கே, நாளைக்கு நம்ம ஆபீஸைப் பற்றியும் இப்படித்தான் பேசுவாள் என்று தோன்றியது. உண்மையான ஆதங்கம்தான், ஆனால் அதைக் கொட்டுகிற இடம் வேறு.

இன்னொன்று, 'பொறுமையும் விடாமுயற்சியும் கற்றுக்கொண்டேன்' என்ற வாசகம். வாரத்துக்கு நாலு பேராவது எங்களிடம் இதைச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் தேர்வில் செய்த ஒரு வேலையை எடுத்து, இங்கே செய்யப்போகிற வேலையோடு இணைத்துக் காட்டுங்கள். குரூப் 2 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தாளில் மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், அலுவல் கடிதம் உண்டு. வாடிக்கையாளருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் போக வேண்டிய அலுவலகத்துக்கு அது நேரடிப் பயன். வங்கித் தேர்வுக்காரர்கள் முதல்நிலையில் 60 நிமிஷத்தில் 100 கேள்விகளைப் பார்த்துப் பழகியவர்கள். அட்டவணையையும் வரைபடத்தையும் வேகமாகப் படித்து எண் எடுக்கிற பழக்கம் அவர்களுக்கு இருக்கும். ஒன்று போதும், நாலைந்து அடுக்க வேண்டாம்.

கேட்காமல் கேட்கிற கேள்வி

இடைவெளி பற்றிய கேள்விக்குப் பின்னால் நிஜமாக இருப்பது, 'வேலைக்குச் சேர்ந்து நாங்கள் பழக்கிய பிறகு, ரிசல்ட் வந்ததென்று போய்விடுவீர்களா?' என்பதுதான். எனக்கே அப்படி ஒருவர் போயிருக்கிறார். இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன், ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. அவர்மேல் கோபம் இல்லை, அரசு வேலை கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்கிறேன்.

உங்கள் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும். நிறுத்திவிட்டீர்கள், எந்த முடிவும் பாக்கி இல்லை என்றால் அதைத் தேதியோடு சொல்லுங்கள். 'அக்டோபர்ல கடைசி ரிசல்ட் வந்திருச்சு, அதுக்கப்புறம் எதுக்கும் அப்ளை பண்ணலை.' இந்த ஒரு வரி நூறு உறுதிமொழிக்குச் சமம்.

முதன்மைத் தேர்வு எழுதி முடிவு பாக்கி இருந்தால், கேட்கும்போது மறைக்காதீர்கள். 'மெயின்ஸ் எழுதியிருக்கேன், ரிசல்ட் எப்போன்னு தெரியாது. வந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வுன்னு நேரம் இருக்கு. நோட்டீஸ் காலம் முழுசா இருந்து ஒப்படைச்சிட்டுதான் போவேன்.' சில இடங்களில் இதனாலேயே வேலை தராமல் போகலாம். ஆனால் சேர்ந்து நாலாவது மாதம் சண்டை போட்டு வெளியே வருவதைவிட இது மேல். இந்த நிலையில் இருப்பவர்கள் இரண்டில் கவனமாக இருக்க வேண்டும். இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள், அசல் சான்றிதழை எந்த நிறுவனத்திடமும் கொடுத்து வைக்காதீர்கள். தேர்வாணையம் சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது அசல் கையில் இருக்க வேண்டும். அதை மீட்க முடியாமல் தவித்தவரை எனக்குத் தெரியும்.

மூன்றாவது வகை, வேலைக்குப் போய்க்கொண்டே எழுத நினைப்பவர்கள். என் அபிப்பிராயம், நீங்களாக இதை எடுக்க வேண்டாம். நேராகக் கேட்டால் 'வருஷத்துக்கு ஒரு தேர்வு எழுதுவேன்' என்று சொல்லலாம். மேலே நான் எழுதிய தேர்வு நாட்களை நாட்காட்டியில் பாருங்கள். எல்லாமே சனி அல்லது ஞாயிறு. லீவு அதிகம் கேட்கமாட்டீர்கள் என்பதற்கு அதையே காட்டலாம்.

போலி அனுபவச் சான்றிதழ்

இடைவெளியை மூட இரண்டு வருஷ அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். என் சித்தப்பா மகளுக்கும் வந்தார்கள். பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போது பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அதில் இருக்கும். வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தில் யார் சம்பளத்தில் வரி பிடித்தார்கள் என்பதும் தெரியும். சிறிய நிறுவனம், பிஎஃப் இல்லை என்று சமாளித்தால் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். இடைவெளிக்காக ஆளை வேண்டாம் என்று சொன்னதைவிட, பொய்க்காக ஆஃபரைத் திரும்ப வாங்கியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆதாரம் வேண்டுமென்றால் உண்மையானதே உங்களிடம் இருக்கிறது. ஹால் டிக்கெட்டுகள், முதல்நிலையில் தேறியவர்களின் பட்டியலில் உங்கள் பதிவெண் இருக்கும் பக்கம், மதிப்பெண்ணும் தரவரிசையும் காட்டும் பக்கம். தளத்தில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக எடுத்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். நேர்காணலில் யாரும் கேட்கமாட்டார்கள். சேரும்போது சில நிறுவனங்கள் இடைவெளிக்கு விளக்கக் கடிதமோ நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமோ கேட்கும், அப்போது உதவும்.

கேள்வியின் இரண்டாம் பாதி

இடைவெளியை எவ்வளவு அழகாக விளக்கினாலும், அடுத்து வருவது பாடக் கேள்வி. மூன்றரை வருஷத்தில் படித்தது மறந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். இங்கே தடுமாறினால் முன்னால் சொன்ன பதில் வீணாகிவிடும். அதனால் விண்ணப்பிக்கத் தொடங்கும் முன் இரண்டு மூன்று மாதமாவது அந்த வேலையின் அன்றாடத்தைத் தொட்டிருக்க வேண்டும். அவள் ஆடிட்டர் அலுவலகம் போனது அதற்குத்தான். சம்பளம் இல்லை, பஸ் காசு மட்டும் கொடுத்தார்கள்.

ஆஃப் கேம்பஸ் முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பல, குறிப்பிட்ட ஆண்டில் படிப்பு முடித்தவர்களை மட்டுமே எடுக்கும். அங்கே விண்ணப்பமே தள்ளப்படும், விளக்க வாய்ப்பு வராது. அதில் நாளைக் கழிக்காமல், தேர்ச்சி ஆண்டு கேட்காத சிறிய, நடுத்தர நிறுவனங்களையும் தெரிந்தவர் மூலமான இடங்களையும் பாருங்கள்.

மூன்றாவது நேர்காணல் நவம்பர் கடைசியில். இடைவெளிக் கேள்விக்கு அவள் பதிலை முடித்ததும் அந்த அம்மா, "அப்போ அடுத்த குரூப் 2?" என்று கேட்டாராம். "செப்டம்பர்ல பிரிலிம்ஸ் நடந்துச்சு மேடம், நான் அப்ளை பண்ணலை." அடுத்த கேள்வி: "சரி, ஜிஎஸ்டிஆர் 1 எந்தத் தேதிக்குள்ள போடணும்?"

"மாசாமாசம் போடுறவங்களுக்கு அடுத்த மாசம் 11-ம் தேதி மேடம். 3பி 20-ம் தேதி."

அதன்பிறகு அரைமணி நேரம் கணக்கைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் 'படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான காலம், காரணம்' என்று ஒரு கட்டம் இருந்ததாம். பையிலிருந்த அந்த வெள்ளைத்தாளை எடுத்துப் பார்த்து, அதே தேதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.